பில்லில் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், வரி மட்டும் அப்படியே நிற்கிறது. சரியா?

செவ்வரளி எழுதியது:

நேற்று ஐந்து பேர் வெளியே சாப்பிட்டோம். பில்லில் இருந்தது இவ்வளவுதான்:

உணவு 2840
தள்ளுபடி 10% – 284
சேவைக் கட்டணம் 10% – 284
வரி 5% – 142
மொத்தம் 2982

சேவைக் கட்டணம் வேண்டாம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அட்டையில் 2982 எடுத்துவிட்டதால் 284-ஐ ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பில்லை நிதானமாகப் பார்த்தேன். தள்ளுபடி போக உணவு 2556. அதற்கு 5% என்றால் 127.80 தானே வரவேண்டும்? 142 எப்படி வந்தது? இன்று காலை தொலைபேசியில் கேட்டதற்கு, "வரி எப்போதும் உணவின் முழு விலைக்குத்தான் மேடம், தள்ளுபடி நாங்கள் தருவது, அரசாங்கம் தருவது இல்லை" என்றார். கேட்கும்போது சரியாகத்தான் பட்டது, ஆனால் மனம் ஒப்பவில்லை. பில் இந்தியாவில் போட்டது. தொகை சின்னதுதான், ஆனாலும் கணக்கு புரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

இரவுவண்டி எழுதியது:

சேவைக் கட்டணமே சட்டவிரோதம் அக்கா. 2022-லேயே தடை செய்துவிட்டார்கள். அதை பில்லில் போட்டதே தப்பு, புகார் கொடுங்கள். அப்புறம், வரி என்பது உணவுக்கு மட்டும்தான். சேவைக் கட்டணம் ஊழியருக்குத் தரும் அன்பளிப்பு, அதற்கு வரியே கிடையாது. அதனால் உங்கள் பில்லில் வரி உணவின் மேல்தான் போட்டிருக்கிறார்கள், 2840-க்கு 142 சரியாக வருகிறது பாருங்கள். மேலாளர் சொன்னதில் அந்தப் பகுதி சரி.

---

தாழ்வாரம் எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. சேவை வரி அரசாங்கத்துக்குப் போகிற பணம். அதை எப்படி எடுக்கச் சொல்ல முடியும்? கடைக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியதாகிவிடுமே. எங்கள் வீட்டில் எப்போதும் அதைக் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவோம். என்னிடம் 2016-இல் ஒரு விழாவுக்குச் சாப்பிட்ட பில் இன்னும் இருக்கிறது, அதில் 6% என்று போட்டிருக்கிறது. அப்போதும் கட்டினோம், இப்போதும் கட்டுகிறோம்.

---

கல்தூண் எழுதியது:

உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவதும் பில்லிங் மென்பொருள் அமைத்துத் தருவதும்தான் என் வேலை. இது நான் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தாழ்வாரம் ஐயாவுக்கு. நீங்கள் சொல்வது சேவை வரி. செவ்வரளி கேட்பது சேவைக் கட்டணம். பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டும் வேறு. சேவை வரி அரசாங்கத்தின் வரி, குளிர்சாதன வசதி உள்ள உணவகங்களில் பில்லின் 40 சதவீதத்துக்கு 15% என்று போட்டார்கள். அதனால்தான் உங்கள் பழைய பில்லில் 6% தெரிகிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததோடு அது முடிந்தது. சேவைக் கட்டணம் என்பது கடை தானாகப் போட்டுக்கொள்கிற வரி அல்லாத தொகை. அது கடையின் கல்லாவுக்குப் போகிறது. இன்றைக்கு ஒரு பில்லில் "சேவை வரி" என்று யாராவது அச்சடித்திருந்தால் அதையே கேள்வி கேட்க வேண்டும்.

இப்போது 142-க்கு வருகிறேன். இந்த பில்லில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தள்ளுபடியும் 284, சேவைக் கட்டணமும் 284. ஒன்றைக் கழித்து இன்னொன்றைக் கூட்டினால் மறுபடியும் 2840 தான். ஆகவே 142 என்ற எண் இரண்டு வழியாக வரலாம். தள்ளுபடிக்கு முந்தைய உணவு விலைக்கு 5% போட்டிருந்தாலும் 142. தள்ளுபடி போன 2556-உடன் சேவைக் கட்டணம் 284-ஐச் சேர்த்து, அந்த 2840-க்கு 5% போட்டிருந்தாலும் 142. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு எது நடந்தது என்று சொல்ல முடியாது. இரவுவண்டி முதல் வழி என்று முடிவு செய்துவிட்டார். நான் பார்த்த மென்பொருள்களில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான் அமைத்திருக்கும்: உணவு, அதிலிருந்து தள்ளுபடி, அதன்மேல் சேவைக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் வரி.

எந்த பில்லிலும் இதைச் சோதிக்க எளிய வழி, வரித் தொகையை வரி விகிதத்தால் வகுப்பது. 142-ஐ 0.05-ஆல் வகுத்தால் 2840. எந்தத் தொகைக்கு வரி போட்டார்கள் என்பது அதுதான். பிறகு அந்த 2840 எந்தெந்தத் தொகைகளைக் கூட்டினால் வருகிறது என்று தேட வேண்டும். உங்கள் பில்லில் மட்டும் அது இரண்டு விதமாகக் கூடிவிட்டது. தள்ளுபடி 15% ஆகவோ சேவைக் கட்டணம் 5% ஆகவோ இருந்திருந்தால் உடனே வெளிச்சமாகியிருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 10% தள்ளுபடியைக் கடை கொடுத்ததா, அட்டை கொடுத்த வங்கி கொடுத்ததா?

---

செவ்வரளி எழுதியது:

கடைதான் கொடுத்தது. வாரநாள் தள்ளுபடி என்று மெனு அட்டையிலேயே போட்டிருந்தார்கள், பில்லிலும் அச்சாகியிருக்கிறது. வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது ஏன் முக்கியம்?

---

கல்தூண் எழுதியது:

அங்கேதான் மேலாளர் சொன்னது பிசகுகிறது. பில் போடும்போதே கடை தன் விலையைக் குறைத்து, அந்தக் குறைப்பை பில்லிலும் காட்டினால், வரி குறைந்த விலைக்குத்தான். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே "வரி முழு விலைக்கு" என்பது தவறு.

வங்கி தருகிற சலுகை அப்படி இல்லை. அங்கே கடை தன் விலையைக் குறைக்கவில்லை, உங்கள் பணத்தில் ஒரு பங்கை வங்கி ஏற்றுக்கொள்கிறது. கடைக்கு முழு விலையும் வந்து சேர்கிறது, அதனால் முழு விலைக்கும் வரி. அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் பில்லில் தெரியாது, பணம் கட்டும்போதோ பிறகு கணக்குக்கோ வரும். அப்படிப்பட்ட தள்ளுபடிக்கு வரி குறையவில்லை என்று கடையிடம் சண்டை போட்டால் நியாயம் நம் பக்கம் இருக்காது. மேலாளர் ஒருவேளை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே உங்கள் கணக்கு இப்படி இருந்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் இல்லை என்று ஆனபின் வரிக்கு உரிய தொகை 2556 மட்டும். அதற்கு வரி 127.80. மொத்தம் 2683.80, முழு எண்ணாக்கினால் 2684. நீங்கள் கட்டியது 2982, திரும்பி வந்தது 284, அதாவது கையை விட்டுப் போனது 2698. வித்தியாசம் 14. அந்தப் 14 என்பது நீங்கள் கொடுக்காத சேவைக் கட்டணத்துக்கு நீங்கள் கட்டிய வரி. மேலாளர் சொன்ன வழியில் கணக்குப் போட்டிருந்தால், அதே 14 உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடியின்மேல் நீங்கள் கட்டிய வரி. எந்தக் காரணத்தைச் சொன்னாலும் 127.80-க்கு மேல் வரி வாங்க இடமில்லை.

தொகை சின்னது. ஆனால் சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பல கடைகளில் இதே பிழை நடக்கிறது, ஏனென்றால் பில்லை மாற்றாமல் ரொக்கத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பில் அப்படியே கணினியில் நிற்கிறது. மாதக் கடைசியில் அது அப்படியே வரிக் கணக்கில் ஏறலாம், அல்லது பிறகு யாராவது சேவைக் கட்டணத்தை அழித்துத் திருத்தலாம். உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் சேவைக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லும்போது, "பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "பில்லை ரத்து செய்து புதிதாகப் போடுங்கள்" என்று கேட்க வேண்டும். அட்டையைத் தருவதற்கு முன்பே கேட்டால் ஒரு நிமிட வேலை.

இரவுவண்டிக்கு அடுத்து எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

மணல்வீடு எழுதியது:

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே இது அன்றாட விஷயம், மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று சேவைக் கட்டணம் 10%, இன்னொன்று ஜிஎஸ்டி, 2024 முதல் 9%. புதிதாக வருபவர்கள் 19% கூடும் என்று மனக்கணக்குப் போடுவார்கள். 1000-க்குச் சாப்பிட்டால் 1190 என்று எடுத்து வைப்பார்கள். பில் 1199 வரும். வரி 1000-க்கு இல்லை, சேவைக் கட்டணம் சேர்ந்த 1100-க்கு 9%, அதாவது 99. அந்த 9 தான் எல்லாரும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்கிற தொகை. இங்கே அது ஏமாற்று இல்லை, சட்டப்படியே அப்படித்தான். பொதுவாகக் கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும், சேவைக் கட்டணம் வாங்குகிற உணவகங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

ஆகவே இங்கே "சேவைக் கட்டணத்தை எடுங்கள்" என்று உரிமையாகக் கேட்க முடியாது. முன்கூட்டியே மெனுவில் சொல்லிவிட்டார்கள், நாம் தெரிந்துதான் உட்கார்ந்தோம். ஆனால் மெனுவிலோ பலகையிலோ எங்குமே சொல்லாமல் பில்லில் திடீரென்று முளைத்தால் தாராளமாகக் கேட்கலாம். எடுத்துப்போகிற பொட்டலத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தாலும் கேட்பேன். ஒருமுறை கேட்டேன், எடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் மட்டும் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

---

கல்தூண் எழுதியது:

இரவுவண்டி சொன்னதில் பாதி சரி, அதைச் சரியாகச் சொன்னால் மணல்வீட்டின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அது சேவைக் கட்டணத்தைத் தடை செய்யவில்லை. கேட்காமலே பில்லில் தானாகச் சேர்ப்பதைத் தடுத்தது. வேறு பெயரில் வாங்கக்கூடாது, கட்டாயப்படுத்தக்கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்பதைச் சொல்ல வேண்டும், கொடுக்காதவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லக்கூடாது. ஐந்தாவதாக, செவ்வரளியின் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற ஒன்று: உணவு பில்லோடு சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போட்டு வாங்கக்கூடாது. பிரச்சினை வரும் இடம் அதுதான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

அதே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் கடைகள் அந்த உத்தரவைக் காட்டி, "வழக்கு நடக்கிறது" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டே இருந்தன. 2025 மார்ச் 28-இல் அதே நீதிமன்றம் உணவக சங்கங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதல்கள் செல்லும் என்றது. சங்கங்கள் மேல்முறையீடு போயிருக்கின்றன.

ஆகவே விருப்பப்பட்டுக் கொடுத்தால் குற்றமில்லை. கேட்காமல் போட்டதுதான் கேள்விக்குரியது. மெனுவில் "10% சேவைக் கட்டணம் உண்டு" என்று அச்சடித்துவிட்டோம், அதைப் பார்த்துத்தானே உட்கார்ந்தீர்கள் என்கிற சிங்கப்பூர் வாதத்தைத்தான் இங்கே சங்கங்களும் வைத்தன. இங்கே நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அப்புறம் "அன்பளிப்புக்கு வரி இல்லை" என்ற பகுதி. நீங்கள் மேசையில் விட்டுவருகிற பணத்துக்கு வரி இல்லை, அது சரி. கடை தன் பில்லிலேயே எழுதி வாங்குகிற தொகை அப்படி இல்லை. அது உணவு பரிமாறியதற்குக் கடை வாங்கிய விலையின் ஒரு பகுதி, 15-ஆம் பிரிவுப்படி வரிக்குள் வரும். அதனால் விரும்பி பில்லிலேயே கொடுக்கிறவர் அதற்கு 5% கூடுதலாகவும் கொடுக்கிறார். ஊழியருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர் தனியாகக் கையில் கொடுத்தால் அந்த வரியும் இல்லை, போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமும் இல்லை.

---

இரவுவண்டி எழுதியது:

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி சார். தடை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு இடத்தில் "சட்டவிரோதம்" என்று சத்தம் போட்டுவிட்டேன், அவர்கள் எடுக்கவில்லை. "விருப்பம் இல்லை, எடுத்துவிட்டுப் புது பில் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் எடுத்திருப்பார்களோ?

---

கல்தூண் எழுதியது:

எடுத்திருப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அதுதான் நிற்கக்கூடிய வாக்கியம். அப்படியும் மறுத்தால் பணத்தைக் கட்டிவிட்டு பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். உட்கார்ந்த இடத்திலேயே தீர்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பில் போடுகிற பையனுக்கு மென்பொருளில் சேவைக் கட்டணத்தை அழிக்க அனுமதியே இருக்காது, பல இடங்களில் மேலாளரின் கடவுச்சொல் வேண்டும். அவனிடம் கோபப்படுவதில் பயன் இல்லை.

---

பனைநிழல் எழுதியது:

நான் லண்டனில் நாலு வருடம் பரிமாறும் வேலை பார்த்தவன். எல்லாரும் எடுக்கச் சொல்வதைப் பற்றியே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் இடத்தில் 12.5% போடுவார்கள், பில்லிலேயே "விருப்பத்துக்கு உட்பட்டது" என்று அச்சாகியிருக்கும். யாராவது எடுக்கச் சொன்னால் அந்த இரவுக்கு எங்கள் பங்கு குறையும். அது உண்மையான வலி. ஆனால் எடுக்காமல் விட்டபோதும் முழுசாக வந்தது என்று சொல்ல மாட்டேன். நிர்வாகச் செலவு, அட்டைக் கட்டணம் என்று ஒரு பகுதியை முதலாளி பிடித்துக்கொள்வார். கேட்டால் முகம் மாறும். 2024 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டம் மாறிவிட்டது, சேவைக் கட்டணமும் அன்பளிப்பும் பிடித்தம் இல்லாமல் ஊழியர்களுக்கே பகிரப்பட வேண்டும். நான் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன்.

வரி விஷயத்தில் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு, கல்தூண் சாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மெனு விலைக்குள்ளேயே 20% மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கும். விருப்பத்துக்கு உட்பட்ட சேவைக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. கட்டாயம் என்று போட்டால் அதற்கும் உண்டு. எங்கள் மேலாளர் புது ஆட்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுப்பார்: பில்லில் காட்டியிருக்கும் வரியை 6-ஆல் பெருக்கு, உணவும் பானமும் சேர்ந்த தொகை வர வேண்டும். 1000 என்றால் வரி 166.67. சேவைக் கட்டணம் 125 சேர்ந்து 1125 ஆனாலும் வரி 166.67-ஆகவே நிற்க வேண்டும். 187.50 என்று ஏறியிருந்தால், விருப்பம் என்று எழுதிவிட்டு கட்டாயம் போலக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே மொத்தம் மாறாது, வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. வேலை செய்கிறவர்களின் பங்கிலிருந்துதான் அந்த வரி போகும். ஆனால் அது தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

---

மணல்வீடு எழுதியது:

இது எனக்குப் புதிது. ஒரே பெயருள்ள கட்டணம், கட்டாயமா இல்லையா என்பதைப் பொறுத்து வரிக்குள் வருகிறது அல்லது வெளியே நிற்கிறது. அப்படியென்றால் இந்தியாவிலும் அது விருப்பம் என்று ஆகிவிட்ட பிறகு அதற்கு ஏன் ஜிஎஸ்டி போட வேண்டும்?

---

கல்தூண் எழுதியது:

நல்ல கேள்வி, எங்கள் தொழிலில் இதில் ஒத்த கருத்து இல்லை. விருப்பப்பட்டுத் தருவது உணவின் விலை ஆகாது, வரிக்கு வெளியே என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பில்லில் ஏறிக் கடையின் வருமானமாக வந்துவிட்டால் வரி உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது, சேவைக் கட்டணத்தை பில்லிலிருந்தே எடுத்துவிடுங்கள், ஊழியருக்கு ஒரு பெட்டி வையுங்கள் என்பதுதான். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

---

வேப்பங்கொழுந்து எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினை வேறு மாதிரி. நான் தினமும் சாப்பிடுகிற ஒரு சின்ன உணவகத்தில் சேவைக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் "வரி 5%" என்று ஒரு வரி இருக்கிறது, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போடவில்லை. பில்லின் அடியில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஏதோ "காம்போசிஷன்" என்று இருக்கிறது. இதில் கேட்க ஏதாவது இருக்கிறதா?

---

கல்தூண் எழுதியது:

இருக்கிறது, செவ்வரளியின் 14-ஐவிடப் பெரிய விஷயம் இது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் உணவகங்கள் காம்போசிஷன் என்ற எளிய திட்டத்தில் சேரலாம். அவர்கள் தங்கள் விற்பனையில் 5% அரசுக்குக் கட்டுவார்கள், ஆனால் அதைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு காசு வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று பில்லிலேயே எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் பில்லின் அடியில் இருப்பது அந்த வாக்கியமாக இருந்தால், அதே பில்லின் மேலே வரி வாங்கியிருப்பது அதற்கு நேர் முரண்.

சரிபார்க்கும் வழி: பில்லில் 15 எழுத்து எண் கொண்ட ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கும். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அதை gst.gov.in தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் போட்டால், உள்ளே போகக் கணக்கு எதுவும் தேவையில்லை, கடையின் பதிவுப் பெயரும் `Taxpayer Type` என்ற இடத்தில் அது வழக்கமான பதிவா காம்போசிஷனா என்பதும் தெரியும். பதிவு ரத்தாகியிருந்தாலும் அங்கேயே காட்டும். பதிவு எண்ணே இல்லாமல் வரி வாங்கினால் அதுவும் கேட்க வேண்டியதுதான். கேட்கும்போது பதிவுப் பெயரும் பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் வேறாக இருப்பது பற்றிச் சந்தேகப்படாதீர்கள், அது சாதாரணம்.

வழக்கமான பதிவு என்று வந்தால் 5% சரி. பிரித்துப் போடாதது குறை, ஆனால் உங்களுக்கு நட்டம் இல்லை.

---

வேப்பங்கொழுந்து எழுதியது:

பார்த்தேன் சார். காம்போசிஷன் என்றுதான் காட்டுகிறது. அந்தப் பெரியவர் தெரிந்தே செய்கிறவராகத் தோன்றவில்லை, மென்பொருள் கொடுத்தவர் அமைத்ததை அப்படியே வைத்திருப்பார் போல. நாளைக்கு மெதுவாக எடுத்துச் சொல்கிறேன். புகாருக்குப் போக மனம் வரவில்லை.

---

கல்தூண் எழுதியது:

முதலில் அதைச் செய்யுங்கள். அவருக்கும் அது நல்லது. அப்படி வாங்கிய வரியை அதிகாரிகள் கண்டால் அபராதத்தோடு கட்டச் சொல்வார்கள், அப்போது அவர் தாங்கமாட்டார்.

---

தாழ்வாரம் எழுதியது:

சேவை வரிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டு வருடமாக அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக் கேட்காமல் கட்டியிருக்கிறேன். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் போட்டு அதற்கும் வரி வாங்குகிறார்கள். அந்த விலையிலேயே எல்லா வரியும் அடக்கம் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறதே?

---

இரவுவண்டி எழுதியது:

இது எனக்குத் தெரியும் ஐயா, அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கவே கூடாது. இதற்கு அபராதம் எல்லாம் உண்டு.

---

கல்தூண் எழுதியது:

பெட்டிக்கடைக்கு அது சரி. உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்கு இல்லை. 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம், உணவகத்தில் பரிமாறுவது வெறும் விற்பனை அல்ல, அங்கே இடமும் பரிமாறலும் சேர்ந்து விற்கப்படுகின்றன, ஆகவே அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. எனக்கும் அந்தத் தீர்ப்பு பிடிக்காது, ஆனால் அதுதான் நிலைமை. மெனுவில் என்ன விலை போட்டிருந்தார்களோ அதற்கு மேல் பில்லில் வந்திருந்தால் மட்டும் கேளுங்கள்.

இதே தீர்ப்பிலிருந்து எனக்கு ஒரு வாதம் தோன்றும். பரிமாறும் சேவைக்கும் சேர்த்துத்தான் விலையை ஏற்றியிருக்கிறோம் என்று சொல்கிற கடை, அதே பரிமாறலுக்குத் தனியாக 10% எப்படிக் கேட்கலாம்?

---

செவ்வரளி எழுதியது:

மாலையில் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது, பில்லோடு உள்ளே போனேன். கல்தூண் சார் சொன்னதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன்: 2556, வரி 127.80, மொத்தம் 2684, நான் கொடுத்தது 2698. மேலாளர் முதலில் "பதினாலுக்காகவா மேடம்" என்றார். "பதினாலு வேண்டாம், பில்லைச் சரிசெய்து கொடுங்கள், என் அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டும்" என்றேன். அது உண்மைதான், ஐந்து பேரில் மூன்று பேர் அலுவலகத்துக்காரர்கள்.

அவர் கணினியில் பில்லைத் திறந்து சேவைக் கட்டணத்தை அழித்தார். அழித்ததும் வரி தானாக 127.80 ஆக மாறியது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியென்றால் வரி சேவைக் கட்டணம் சேர்ந்த தொகைக்குத்தான் போட்டிருக்கிறது, அவர் காலையில் சொன்ன காரணம் இல்லை. அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன், முகத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய பில்லில் ரத்து என்று முத்திரை போட்டு, 2684-க்குப் புது பில்லும் 14-உம் கொடுத்தார்.

ஒன்றை அங்கேயே கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. சேவைக் கட்டணம் ஏன் தள்ளுபடிக்கு முந்தைய 2840-க்கு 10%? விரும்பிக் கொடுக்கிறவர்கூட 2556-க்கு 255.60 தானே கொடுக்க வேண்டும்?

---

கல்தூண் எழுதியது:

அழித்ததும் வரி மாறியதை நேரில் பார்த்தீர்களே, அதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

தள்ளுபடிக்கு முன்பா பின்பா என்பதற்கு விதி கிடையாது. விருப்பத்துக்குக் கொடுக்கிற தொகைக்கு எது அடிப்படை என்று சட்டம் சொல்லவில்லை, மென்பொருளில் ஒரு தேர்வு இருக்கும், கடை எதை வைத்ததோ அது. பின்பு போட்டிருந்தால் மொத்தம் 2952.18 வந்திருக்கும், அவர்கள் போட்டது 2982. சேவைக் கட்டணம் கொடுக்க விரும்புகிறவர் கேட்டால் மாற்றித்தான் தர வேண்டும், ஏனென்றால் எவ்வளவு கொடுப்பது என்பதும் அவர் விருப்பம்தானே.

---

பனைநிழல் எழுதியது:

நான் இந்த இடத்தில் கடையின் பக்கம் நிற்கிறேன். கடை விலையைக் குறைத்தது, பரிமாறிய ஆளின் வேலை குறையவில்லை. முழு விலைக்குப் பார்ப்பதுதான் ஊழியருக்கு நியாயம். தள்ளுபடி நாட்களில்தான் கூட்டமும் அதிகம்.

---

செவ்வரளி எழுதியது:

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை தம்பி. அடுத்தமுறை போனால் பரிமாறுகிறவர் கையில் முழு விலைக்குக் கணக்குப் பார்த்தே கொடுக்கிறேன், பில்லில் இல்லை.

---

மணல்வீடு எழுதியது:

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இந்தியாவில் மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான் என்கிறார்கள். ஊருக்கு வந்தபோது ஒரு விடுதியில் உணவும் மதுவும் ஒரே பில்லில், அடியில் ஒரே சேவைக் கட்டணம், இரண்டுக்கும் சேர்த்து 10%. அந்த முழுச் சேவைக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். மதுவுக்கான பங்கின்மேல் ஜிஎஸ்டி எப்படி வரும்?

---

கல்தூண் எழுதியது:

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. உணவுக்கும் மதுவுக்கும் தனித்தனி பில் போடுகிற இடங்கள் இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் அப்படிப் போடுகின்றன. ஒரே பில் என்றால், சேவைக் கட்டணத்தை உணவுப் பங்கு, மதுப் பங்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். அப்படிப் பிரித்த பில் யாரிடமாவது இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு இங்கே எண்களை மட்டும் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.